முதியோர் இல்லத்தின் முதல் தாள்: சேர்க்கைக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

வயதான காலத்தில் ஒருவர் இனி இங்கேதான் என்று ஓர் இல்லத்துக்கு வந்து சேர்கிறார். அன்று அவரைப் பற்றி எதை எழுதி வைக்க வேண்டும்? பெயர், வயது, நோய், மாத்திரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாமா? எத்தனை மணிக்கு எழுவார், எதைச் சாப்பிட மாட்டார், தண்ணீரை எப்படிக் குடிப்பார், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யாருக்குப் போன் செய்வது என்பதையெல்லாம் எழுத வேண்டுமா? எழுதினால் அதை யார் படிப்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாகப் பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு பதிலும் ஒரு குறையைத் தீர்த்து வேறொரு குறையைக் கொண்டுவந்திருக்கிறது.

பழனி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. யாத்திரைத் தலம் என்பதால் இங்கு வரும் முதியவர்களில் பிள்ளைகளோடு காரில் வந்து இறங்குபவர்களும் உண்டு, அடிவாரத்தில் தனியாக விடப்பட்டவர்களும் உண்டு. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் சார்பில் மூத்த குடிமக்கள் உறைவிடம் அமைக்கப்போவதாக இந்து சமய அறநிலையத் துறை அறிவித்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைப்பது பற்றிப் பேசுகிறது. கட்டடம், படுக்கை, உணவு பற்றிய பேச்சு இப்படி ஓரளவு நடக்கிறது. அந்தப் படுக்கைக்கு வருபவரைப் பற்றிய முதல் தாள் குறித்த பேச்சு மிகக் குறைவு.

பதிவேட்டிலிருந்து மதிப்பீட்டுப் படிவத்துக்கு

மிகப் பழைய பதில் பதிவேடு. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு பெருகிய பணி இல்லங்களில் சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகள் இருந்தன. வந்த தேதி, பெயர், வயது, மதம், எந்த ஊர்க்காரர், ஏன் வந்தார் என்பவை அவற்றில் இருக்கும். அந்த ஏடு நிர்வாகத்துக்கானது. சோறு எத்தனை பேருக்கு, செலவை எந்த ஊர் ஏற்பது என்ற கணக்குக்கு அது போதும். நம் ஊர்ச் சிறிய இல்லங்கள் பலவற்றில் இன்றும் சேர்க்கை என்பது ஆதார் நகல், இரண்டு புகைப்படம், மகன் அல்லது மகளின் கையெழுத்து, மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பதிவேட்டின் குறை வெளிப்படையானது. அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை அந்த மனிதருக்கு ஒரு டம்ளர் காப்பிகூடச் சரியாகக் கொடுக்க முடியாது.

இரண்டாவது பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே நர்சிங் ஹோம்களின் நிலை பற்றி மருத்துவக் கழகம் 1986இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 1987இல் வந்த சட்டம், சேரும் ஒவ்வொருவரையும் ஒரே மாதிரியான படிவத்தில் மதிப்பிட வேண்டும் என்றது. குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு எனப்படும் அந்தப் படிவத்தை, ஒருவர் சேர்ந்த 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். 2010இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அன்றாட வழக்கங்களையும் விருப்பங்களையும் குறித்த கேள்விகளை, முடிந்தவரை தங்க வந்தவரிடமே நேரில் கேட்க வேண்டும் என்றார்கள். எந்த உடை உடுத்துவது என்பதை நீங்களே தீர்மானிப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எப்போது தூங்கப் போவது என்பது எவ்வளவு முக்கியம், உங்கள் சிகிச்சை பற்றிய பேச்சில் குடும்பத்தார் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது போன்ற கேள்விகள் அவை. விழுங்குதலுக்கும் உடல் எடைக்கும் அதே படிவத்தில் தனிப் பகுதி உண்டு.

இதன் பலம், எதுவும் விட்டுப்போகாது என்பது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கேள்விகளின் பதில்கள் கட்டங்களில் எண்களாக விழுகின்றன. “மிக முக்கியம்” என்ற கட்டத்தில் ஒரு குறி விழுந்துவிட்டால், என்ன உடை, எத்தனை மணி என்பது தெரிந்துவிடாது. கட்டணக் கணக்குக்கும் அரசுக் கண்காணிப்புக்கும் பயன்படும் படிவம் என்பதால், நிரப்புபவரின் கண்ணும் அந்தப் பக்கமே போகிறது என்ற விமர்சனமும் உண்டு. இன்னொரு சிக்கல் காலம். வந்தவர் முதல் நாள் இரவே சாப்பிட்டாக வேண்டும். 14 நாள் காத்திருக்க முடியாது. அதனால்தான் அங்கே பின்னர், சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஓர் ஆரம்பப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. நமக்குப் பாடமாகக்கூடியது நீண்ட படிவத்தைவிட இந்த 48 மணி நேர விதிதான் என்று தோன்றுகிறது.

வாழ்க்கைக் கதை என்ற மறுப்பு

மூன்றாவது பதில், படிவம் என்ற எண்ணத்தையே கேள்வி கேட்டது. பிரிட்டனில் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூல், மறதி நோய் வந்தவரை நோயின் பெயரால் பார்க்காமல் மனிதராகப் பார்க்க வேண்டும் என்று வாதாடியது. அதன் தாக்கத்தால் வாழ்க்கைக் கதை எழுதும் பழக்கம் பரவியது. அவர் என்ன வேலை செய்தார், யாரை மணந்தார், எந்தப் பாட்டு பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார் என்று சில பக்கங்கள் எழுதுவார்கள். அங்குள்ள அல்சைமர் சங்கமும் அரச செவிலியர் கல்லூரியும் 2010இல் “இதுதான் நான்” என்ற பொருளில் ஒரு சிறு கையேட்டைக் கொண்டுவந்தன. நோயாளியே பேசுவதுபோல எழுதப்படும் தாள் அது.

இந்த அணுகுமுறையின் நியாயத்தை மறுப்பது கடினம். மாலை ஆறு மணிக்கு வாசலுக்குப் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் அடம்பிடிக்கிறார். படிவத்தில் அது “அமைதியின்மை” என்று பதிவாகும். அவர் முப்பது வருடம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரி ஏற்றிவிட்டவர் என்று தெரிந்தால், அந்த நேரம் லோடு போகும் நேரம் என்பது புரியும். தூக்க மாத்திரைக்குப் பதில் அவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, கதையைப் பெரும்பாலும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அம்மாவைப் பற்றி மகன் சொல்லும் கதையும் அம்மாவே சொல்லும் கதையும் ஒன்றல்ல. இரண்டாவது, எட்டுப் பக்கம் எழுதினால் இரவுப் பணிக்கு வரும் ஆயா அதைப் படிக்கப்போவதில்லை. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. விருப்பம் என்ற பெயரில் சாதியும் வரும். இன்னார் சமைத்தால் சாப்பிட மாட்டேன், இன்னார் தொட்டுத் தூக்கக் கூடாது என்பதை ஒருவர் தன் வழக்கமாகச் சொல்லலாம். சைவமா அசைவமா என்பதும், வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்பதும் எழுதி நிறைவேற்ற வேண்டிய விருப்பங்கள். பணியாளரைச் சாதி பார்த்து ஒதுக்குவதை எந்த இல்லமும் விருப்பமாக ஏற்று நிறைவேற்ற முடியாது, கூடாது. சேரும் நாளிலேயே அதைக் குடும்பத்தாரிடம் நேராகச் சொல்லிவிடும் இல்லங்களுக்குப் பின்னால் சிக்கல் குறையும்.

விழுங்குதல்: தகராறு எங்கே இருக்கிறது?

சேர்க்கைக் குறிப்பில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி விழுங்குதல். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் ஆகிய மூன்றிலும் விழுங்கும் தசைகளின் ஒழுங்கு குலையலாம். உணவோ நீரோ உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்ற இரண்டிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி நீர்ச் சோதனை. 90 மில்லி தண்ணீரை இடைவிடாமல் குடிக்கச் சொல்லி, இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்ப்பது. டிபிப்போவும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் பக்கவாத நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 2008இல் சூட்டர், லெடர் இருவரும் 3,000 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், மூச்சுக்குழாய்க்குள் நீர் போனவர்களில் 96.5 விழுக்காட்டினரை இச்சோதனை பிடித்துவிட்டது. ஆனால் அப்படிப் போகாதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் இதில் தவறினார்கள். தேறினால் ஓரளவு நம்பலாம். தவறினால் ஆபத்து உறுதி என்று சொல்லிவிட முடியாது, மேலும் பார்க்க வேண்டும். பழனியில் இருப்பவருக்கு அந்த “மேலும்” என்பது எளிதல்ல. எக்ஸ்ரே வீடியோ மூலமோ மூக்கு வழியாகச் செலுத்தும் கேமரா மூலமோ விழுங்குதலைப் பார்க்கும் வசதிக்கு, பெரும்பாலும் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டியிருக்கும். அதனால் சின்ன இல்லத்தில் முதல் நாள் கேட்கும் கேள்விகளுக்கே அதிக மதிப்பு.

“முழுங்கச் சிரமமா?” என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். சிரமத்துக்கு ஏற்பத் தங்களை அறியாமலே பழக்கத்தை மாற்றியிருப்பார்கள். கேட்க வேண்டியவை வேறு: தண்ணி குடிக்கும்போது புரை ஏறுதா? மாத்திரையை எதோடு போடுறீங்க? முன்னால சாப்பிட்டு இப்போ விட்டது என்ன? சாப்பாடு முடிய எவ்வளவு நேரம் ஆகுது? முறுக்கையும் சப்பாத்தியையும் விட்டவர், சாப்பிட அரைமணிக்கு மேல் எடுப்பவர், கன்னத்துக்குள் சோற்றை ஒதுக்கி வைத்திருப்பவர், ஆறு மாதத்தில் வேட்டியோ ஜாக்கெட்டோ தொளதொளத்துப்போனவர், இவர்களையெல்லாம் இந்தக் கேள்விகளே காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் தெரியும் அறிகுறி, சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாவதும், காரணம் தெரியாமல் அடிக்கடி சளி பிடிப்பதும், மூச்சு வேகமாவதும்தான். வயதானவருக்கு நிமோனியாவில் காய்ச்சல் இல்லாமலும் போகலாம். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவதே முதல் அடையாளமாக இருக்கலாம்.

கண்டுபிடித்தபின் என்ன என்பதில் நெடுநாள் நிலைத்த பதில், திரவத்தைக் கெட்டியாக்கு, திடத்தைக் குழைத்துவிடு என்பது. நாட்டுக்கு நாடு வெவ்வேறாக இருந்த கெட்டித்தன்மையின் பெயர்களை ஒழுங்குபடுத்த, ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அமைப்பு 0 முதல் 7 வரை நிலைகளை வகுத்தது. 0 என்பது தண்ணீர், 7 என்பது வழக்கமான உணவு. இதிலுள்ள ஊசிக்குழல் சோதனையை எந்தச் சமையலறையிலும் செய்யலாம். 0 முதல் 10 வரையுள்ள அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் 10 மில்லி சிரிஞ்சை எடுத்து, ஊசியையும் தள்ளுதண்டையும் நீக்கி, நுனியை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் நிலை. 1 முதல் 4 வரை மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. ஒழுகவே இல்லையென்றால் அது நான்காம் நிலையோ அதற்கும் மேலோ.

நம் கஞ்சியை இந்த வழியில் அளக்கும்போது இரண்டு விஷயம் தெரியவரும். அடுப்பிலிருந்து இறக்கியபோது தாராளமாக ஒழுகிய கேழ்வரகுக் கூழ், ஆறியபின் சிரிஞ்சை விட்டு நகராது. ஆகவே பரிமாறும் சூட்டில் அளக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எச்சிலில் இருக்கும் நொதி மாவுப்பொருளைக் கரைப்பதால், எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப அதே கிண்ணத்தில் போட்டு ஊட்டினால் கஞ்சி நேரம் ஆக ஆக நீர்த்துப்போகும். முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் நிலை மாறிவிடும். சின்னச் சின்னக் கிண்ணமாக ஊற்றிக் கொடுப்பதே இதற்கு வழி.

ஆனால் கெட்டியாக்குவதால் நிமோனியா குறைகிறதா? இதற்கான சான்று நாம் நினைப்பதைவிட மெலிந்தது. மறதி நோயோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர்களிடம் நடந்து 2008இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, தாடையைக் கீழே தாழ்த்தித் தண்ணீரைக் குடித்தவர்களையும் கெட்டியாக்கிய திரவம் குடித்தவர்களையும் மூன்று மாதம் கவனித்தது. நிமோனியாவில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. கெட்டித் திரவம் குடித்தவர்களிடம் நீரிழப்பு கூடுதலாகக் காணப்பட்டது. குடிக்கப் பிடிக்காததால் குறைத்துக் குடிப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் பழனிச் சமவெளியில் இது சின்ன விஷயமல்ல. லாங்மோரும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வோ வேறு பக்கம் கையைக் காட்டியது. விழுங்குதல் குறைபாடு மட்டுமே போதிய காரணமாகத் தெரியவில்லை. பிறர் ஊட்டிச் சாப்பிடுவது, பல் துலக்கப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள் ஆகியவை நிமோனியாவை முன்கூட்டியே காட்டும் வலுவான அடையாளங்களாக இருந்தன. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் யோனெயாமா குழுவினர் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாயைச் சுத்தம் செய்தவர்களிடம் நிமோனியா குறைந்தது. ஆக, சேர்க்கைக் குறிப்பில் பல்செட் உண்டா, யார் கழற்றிக் கழுவுவது, யார் பல் துலக்கிவிடுவது என்ற மூன்று வரிகள், கெட்டித்தன்மை நிலையைக் குறிக்கும் எண்ணுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

வழக்கமும் ஆபத்தும் ஒரே வரியில்

மேற்கத்தியப் படிவங்களில் விருப்பம் ஒரு பக்கத்திலும் விழுங்குதல் இன்னொரு பக்கத்திலும் இருக்கும். நம் ஊரில் இந்தப் பிரிப்பு சரிப்படாது. ஒரு மாதிரிக் குறிப்பை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். பின்வரும் மூதாட்டி கற்பனையானவர். விவரங்கள் இப்பகுதியில் வழக்கமாகக் காணக்கூடியவை.

வயது 78. ஊர் நெய்க்காரப்பட்டி. ஆறு வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால், வாயின் வலது பக்கம் பாதிக்கப்பட்டன. சர்க்கரை நோய் உண்டு. எடை 44 கிலோ. மருத்துவமனைத் தாளில் உணவு பற்றி இருப்பது “சாஃப்ட் டயட்” என்ற இரண்டே சொற்கள். இதைப் படிக்கும் சமையல்காரம்மா என்ன செய்வார்? பாலில் நனைத்த பன், இட்லி, ரசம் சாதம் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் கொடுப்பார். மூன்றிலும் சிக்கல் இருக்கிறது. பன் வாயில் பிசுபிசுத்து உருண்டையாகி அடைக்கும். சாம்பாரில் ஊறாத இட்லி உதிரும், துகள்கள் வாயின் வலுவிழந்த பக்கத்தில் தங்கும். ரசம் சாதத்தில் பருக்கையும் தண்ணீர் போன்ற ரசமும் ஒன்றாக வாய்க்குள் வருவதால், பருக்கையை மெல்லும்போதே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும். மூன்றையும் “மென்மையான உணவு” என்றே சொல்லலாம். எனவே உணவின் வகையை எழுதுவதோடு விடாமல், பண்டத்தையும் பக்குவத்தையும் எழுத வேண்டும்: பருப்போடு குழைய மசித்து, கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக விழும் சோறு. ரசம் தனியாக ஊற்ற வேண்டாம். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்துக் கொடுக்கவும், மேலே மிதக்கும் சாம்பாரை வடித்துவிடவும்.

அடுத்து தண்ணீர். இந்த அம்மா வாழ்நாள் முழுக்கச் சொம்பை உயர்த்தி அண்ணாந்து குடித்தவர். வாய் வைத்துக் குடிப்பது எச்சில் என்பது அவருக்கு ஊறிப்போன எண்ணம். அண்ணாந்தால் மூச்சுக்குழாயைப் பாதுகாக்கும் அமைப்பு வேலை செய்வது கடினமாகும், நீர் கட்டுப்பாடின்றி உள்ளே பாயும். பக்கவாதம் வந்தவருக்கு இது மிக ஆபத்தான குடிமுறை. பணியாளர் டம்ளரை வாயில் வைத்துக் கொடுத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். பகல் ஷிஃப்டில் “தண்ணீர் குடிக்க மறுக்கிறார்” என்று எழுதுவார்கள். இரவு ஷிஃப்டில் யாராவது பரிதாபப்பட்டுச் சொம்பைக் கையில் கொடுப்பார்கள், புரையேறும். விருப்பப் பகுதியில் “சொம்பில் குடிப்பார்” என்றும், விழுங்குதல் பகுதியில் “தலை நிமிர்த்தக் கூடாது” என்றும் தனித்தனியாக எழுதினால் இந்த மோதல் யாருக்கும் தெரியாது. ஒரே வரியில் எழுத வேண்டும்: “அண்ணாந்துதான் குடிப்பார், அது ஆபத்து. பிறர் வாய் வைத்த டம்ளரைத் தொட மாட்டார். அவருக்கென்று தனி டம்ளர், பெயர் எழுதியது, அவர் கண்முன் கழுவ வேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தி, தேக்கரண்டியால் ஒவ்வொரு வாயாக. முழுங்கியதைப் பார்த்தபின் அடுத்தது.” தனி டம்ளர் என்றதும் எச்சில் பற்றிய தயக்கம் தணிய வாய்ப்புண்டு. தணியாவிட்டால் அதையும் எழுத வேண்டும்.

காலை வழக்கமும் இதே போலத்தான். நாலரைக்கு எழுவார், குளித்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, திருநீறு பூசிக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டபின்தான் காப்பி. பூசுவதில் சிக்கல் இல்லை. காய்ந்த பொடியை நாக்கில் போடுவது இருமலைத் தூண்டும், பொடி மூச்சோடு உள்ளே போகவும் கூடும். நெற்றியில் வைத்துவிட்டு நாக்கில் வேண்டாம் என்று முதல் நாளே அவரிடமும் மகளிடமும் பேச வேண்டும். மலை தெரியும் பக்கம் கட்டில் போட முடிந்தால் போடலாம். குளிக்காமல் சாப்பிட மாட்டார் என்பதால், ஏழு மணிச் சர்க்கரை மாத்திரைக்கு முன் குளியல் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் மாத்திரை மட்டும் உள்ளே போய்ச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பாரா, அன்று பாலும் பழமுமாவது எடுப்பாரா என்பதையும் கேட்டு, அந்த நாட்களுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

பழனியில் பஞ்சாமிர்தத்தைத் தவிர்த்து இந்தத் தாளை எழுத முடியாது. பார்க்க வருபவர்கள் டப்பாவோடுதான் வருவார்கள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய் சேர்ந்த அந்தக் கெட்டிப் பிசுபிசுப்பு நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டும். இடையில் பேரீச்சம்பழத் துண்டும் கல்கண்டும் இருக்கும். ஒட்டுவதும் கடினமானதும் ஒரே வாயில் வருவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒத்துவராத சேர்க்கை. சர்க்கரை நோயும் கூடச் சேர்கிறது. இதோடு மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் எல்லா மாத்திரையையும் பொடிக்கலாகாது, மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். முருகனின் பிரசாதத்தை அந்த அம்மாவுக்கு இல்லை என்று சொல்வது நடைமுறைக்கும் ஒவ்வாது, சரியாகவும் படவில்லை. “துண்டுகளை நீக்கி மசித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அரைத் தேக்கரண்டி, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். டப்பா ஆபீஸில் இருக்கும்” என்று மருத்துவரின் ஒப்புதலோடு எழுதிவைத்தால், ஒளித்துக் கொடுக்கும் நிலை வராது. ஒளித்துக் கொடுக்கும்போதுதான் படுத்த வாக்கில் வாயில் வைத்துவிடுவார்கள்.

கடைசியாக எடை. 44 கிலோ என்பதைச் சேரும் நாளில் எழுதாவிட்டால் பின்னால் குறைந்தது தெரியாது. ஒரு மாதத்தில் 5 விழுக்காடு குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படிவத்தின் அளவுகோல். இந்த அம்மாவுக்கு அது 2.2 கிலோ. சேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

யாரைக் கூப்பிடுவது?

தொடர்பு எண் என்ற கட்டத்தில் ஒரே எண்ணை எழுதுவது பழைய வழக்கம். அது பெரும்பாலும் பணம் கட்டும் மகனின் எண்ணாக இருக்கும். நடைமுறையில் பணம் கட்டுபவர், உடனே வரக்கூடியவர், அம்மா யார் சொன்னால் கேட்பாரோ அவர், முடிவெடுக்க வேண்டியவர் ஆகிய நால்வரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். நம் மாதிரிக் குறிப்பில் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஷிஃப்டில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். மகள் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார், ஆனால் அண்ணனைக் கேட்காமல் மருத்துவமனைக் கையெழுத்துப் போடத் தயங்குவார். இதைச் சேரும் நாளில் இருவரையும் வைத்துப் பேசி எழுதாவிட்டால், ராத்திரி வார்டன் தனியாக மாட்டிக்கொள்வார்.

சட்டம் இங்கே முழு விடை தருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சைக்குத் தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ள இடம் தருகிறது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து தேவை என்றிருந்ததை 2023இல் தளர்த்தி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் போட்டால் போதும் என்றது. இவை இரண்டுக்கும் வெளியே கிடக்கும் அன்றாட முடிவுகள்தான் அதிகம். மூக்கு வழியாகக் குழாய் போடுவதா, வேண்டாமா என்பது அவற்றில் ஒன்று. முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொல்லி, பொறுமையாகக் கையால் ஊட்டுவதைப் பரிந்துரைத்தது. பக்கவாதத்துக்குப் பின் சில வாரங்களுக்கு மட்டும் போடும் குழாய் வேறு விஷயம், அங்கே பயன் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாரிடம் நெருக்கடிக்கு முன்பே பேச வேண்டும். பேசியது எந்தத் தேதி, யார் இருந்தார்கள், அம்மா என்ன சொன்னார் என்று எழுத வேண்டும்.

யாரைக் கூப்பிடக் கூடாது என்ற கேள்வியும் உண்டு. சொத்துத் தகராறு இருக்கும் குடும்பங்களில், கைநாட்டு வாங்க ஸ்டாம்ப் பேடோடு வரும் உறவினரும் பார்வையாளராகவே வருவார். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்து செய்யக் கோர 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. முதியவரைத் தனியாக உட்காரவைத்து, யாரைக் கூப்பிடக் கூடாது என்று கேட்டால்தான் உண்மை வரும்.

யாரும் இல்லாமல் வருபவருக்கு இந்தப் பகுதி காலியாக விடப்படுகிறது. அது தேவையில்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவித்த தேதியை எழுதலாம். அவர் தன் வாயால் சொல்லும் ஊர்ப்பெயர், குலதெய்வம், கடைசியாக வேலை செய்த தோட்டம், கூப்பிட வேண்டும் என்று கேட்கும் பெயர் ஆகியவற்றை அவர் சொன்னபடியே பதியலாம். இறந்தால் எரிப்பதா புதைப்பதா, யார் கொள்ளி வைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் பெரும்பாலான முதியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்.

முடிவாகாதவை

இதுவரை கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், சுருக்கமான, முதல் இரண்டு நாளுக்குள் எழுதப்படும், தங்க வந்தவரிடமே கேட்டு எழுதப்படும் தாளுக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது. வழக்கத்தையும் அதிலுள்ள ஆபத்தையும் சேர்த்து எழுதுவது நம் சூழலுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இதை ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு ஏதும் எனக்குத் தெரிந்தவரை தமிழ்நாட்டு இல்லங்களில் நடக்கவில்லை. ஆகவே இது அனுபவத்தை ஒட்டிய ஊகம் என்ற அளவிலேயே நிற்கிறது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை திருத்துவது என்பதிலும் தெளிவில்லை. பக்கவாதம் வந்தவர் மூன்று மாதத்தில் தண்ணீரை நன்றாகக் குடிக்கத் தொடங்கியிருக்கலாம், சேர்ந்த நாளில் எழுதிய தாள் அவரைக் கூழிலேயே கட்டிப்போட்டிருக்கும். மறதி நோய் உள்ளவருக்கு இதன் நேர்மாறாக நடக்கும். நோயைப் பொறுத்துத் திருத்தும் நாளை வைப்பதா, எடை குறைந்தாலோ புரையேறினாலோ மட்டும் திருத்துவதா என்பதற்கு இல்லங்கள் தங்களுக்குள் ஒரு முடிவு கண்டாக வேண்டும்.

ஆபத்து தெரிந்தும் ஒருவர் தன் விருப்பத்தைக் கேட்டால் என்ன செய்வது என்பது இன்னும் கடினம். புரிந்து பேசும் நிலையிலுள்ள ஒரு பெரியவர், “எத்தனை நாளைக்கு இருப்பேன், எனக்கு வெற்றிலை பாக்கு வேணும்” என்றால், மேற்கத்திய நெறிகளில் அவருடைய தேர்வுக்குக் கணிசமான இடம் உண்டு. இங்கே மகன் வேண்டாம் என்பார், இல்ல நிர்வாகி போலீஸுக்குப் பயப்படுவார், பெரியவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். அவருடைய கோரிக்கையை, அதற்கு அளித்த பதிலை, யார் பொறுப்பேற்றார் என்பதைத் தாளில் எழுத ஒரு கட்டம் ஒதுக்கலாமா, அப்படி எழுதியது பின்னால் இல்லத்தைக் காக்குமா சிக்கவைக்குமா என்பதற்கு இப்போதைக்குத் தீர்ப்போ வழிகாட்டுதலோ துணைக்கு இல்லை.